ஐந்து தலைப்புக்குள் ஒரு வக்கீல்: அலுவலக வலைத்தளத்தில் அறிமுகப் பக்கம் எழுதும் முறை

ராமநாதபுரத்தில் நாங்கள் மூன்று வக்கீல்கள் சேர்ந்து ஒரு அலுவலகம் நடத்துகிறோம். வலைத்தளம் தொடங்கலாம் என்று முடிவான பிறகு, ஒவ்வொருவருக்கும் ஒரு அறிமுகப் பக்கம் எழுத வேண்டியிருந்தது. அதை முதலில் தப்பாகச் செய்தோம். பிறகு விதியைப் படித்துத் திருத்தினோம். புதிதாகப் பதிவு செய்துவிட்டு சொந்தமாக அலுவலகம் போடுகிற தம்பி தங்கைகள் அதே தப்பைச் செய்யக்கூடாது என்பதால், எங்கள் ஜூனியர் ஒருவரின் பக்கத்தை எப்படி எழுதித் திருத்தினோம் என்பதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

அவர் பாம்பன்காரர். அப்பா விசைப்படகு வைத்திருந்தவர். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பி.எஃப்.எஸ்சி. முடித்துவிட்டு, அப்புறம் மூன்றாண்டு பி.எல். படித்தவர். மீன்பிடிச் சட்டம் தொட்ட கேஸ் எது வந்தாலும் கேஸ் கட்டை முதலில் அவர் கையில்தான் கொடுப்பேன்.

முதலில் விதியை முழுதாகப் படியுங்கள்

இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 36ஆம் விதி, வக்கீல் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்டு விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. சுற்றறிக்கை, தரகர், தான் நடத்திய வழக்கை ஒட்டிப் பத்திரிகையில் செய்தியோ படமோ வரச் செய்வது எல்லாம் இதில் அடங்கும். பெயர்ப்பலகைகூட அளவாக இருக்க வேண்டும். இன்ன வழக்கில் தனித்தேர்ச்சி பெற்றவர், சங்கத் தலைவராக இருந்தவர், நீதிபதியாக இருந்தவர் என்று அதில் போடக்கூடாது. இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாதது 2008இல் இந்த விதியோடு சேர்த்த பகுதி. அதற்குப் பின்னால் வி.பி. ஜோஷி என்பவர் உச்ச நீதிமன்றத்தில் போட்ட ரிட் மனு இருக்கிறது. அந்தச் சேர்க்கையின்படி வக்கீல் வலைத்தளத்தில் தன்னைப் பற்றிய விவரம் தரலாம். ஆனால் ஒரு அட்டவணை உண்டு, அதில் ஐந்தே தலைப்புகள். ஒன்று, பெயர். இரண்டு, முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல். மூன்று, பதிவு எண், பதிவு செய்த தேதி, முதலில் பதிந்த மாநில பார் கவுன்சில், இப்போது பெயர் இருக்கும் பார் கவுன்சில், உறுப்பினராக உள்ள வழக்கறிஞர் சங்கம். நான்கு, தொழில்சார்ந்த, கல்வித் தகுதிகள். ஐந்து, பணி செய்யும் சட்டப் பிரிவுகள். இவை உண்மை என்று ஒரு உறுதிமொழியும் தர வேண்டும். இந்திய பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அது ஏற்றபடிதான் வெளியிட வேண்டும். அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் 36ஆம் விதியை மீறியதாகக் கொள்ளப்பட்டு, வழக்கறிஞர்கள் சட்டம் 1961இன் 35ஆம் பிரிவில் ஒழுங்கு நடவடிக்கை வரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 35ஆம் பிரிவில் கண்டிப்பு, குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் தடை, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் மூன்றுக்கும் இடமுண்டு.

மற்றவர்கள் என்னென்னவோ போட்டிருக்கிறார்களே, யாரும் ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்பீர்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத் தளங்கள் வழியாக வேலை தேடும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வக்கீல்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடுவதையும் கண்டித்தது. பக்கத்து அலுவலகம் மாட்டாமல் தப்பியதை வைத்து உங்கள் பக்கத்தை எழுதாதீர்கள்.

எங்கள் முதல் வரைவு

வலைத்தளம் போட்டுத்தர ஒரு நிறுவனத்தைப் பிடித்தோம். அவர்களே எழுதி அனுப்பிய வாசகம் இது:

> ராமநாதபுரம் கடலோரத்தின் நம்பர் 1 மீனவர் வழக்கு நிபுணர். மூத்த வழக்கறிஞர். 500க்கும் மேற்பட்ட வழக்குகளில் வெற்றி. இலங்கைக் கடற்படை பிடித்த உங்கள் படகை மீட்டுத் தருவோம். முதல் ஆலோசனை இலவசம். இன்றே அழையுங்கள்!

ஜூனியர் என்னிடம் வந்து, "சார், இதுல என் பேரத் தவிர எதுவும் நான் சொன்னதில்ல" என்றார். நிறுவனத்தில் கேட்டபோது, "இதெல்லாம் போடலேன்னா யார் சார் பாப்பா?" என்றார்கள். அவசரத்தில் நானும் இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன். அந்த இரண்டு நாளில் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கையில் போன், போனில் அந்தப் பக்கத்தின் படம். கணவர் போன படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "படக மீட்டுத் தருவோம்னு போட்டுருக்கீங்களே தம்பி, எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டார்.

பிடிபட்ட படகின் வழக்கு இலங்கை நீதிமன்றத்தில் நடக்கும். அங்கே இங்குள்ள வக்கீல் நின்று வாதாட முடியாது. இங்கிருந்து அரசுக்கு மனு கொடுக்கலாம், தேவைப்பட்டால் மதுரைக் கிளையில் ரிட் போடலாம். அவ்வளவுதான். அந்த அக்காவுக்கு இதை விளக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் எழுந்து போன பிறகு பக்கத்தை இறக்கினேன். விதி இல்லாவிட்டாலும் அந்த வரி அங்கே இருந்திருக்கக் கூடாது.

மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். "நிபுணர்" என்பது தனித்தேர்ச்சி கோருவது. "நம்பர் 1" ஒப்பீடு. "500 வெற்றி" எண்ணிக் காட்ட முடியாத கணக்கு. காட்ட முடிந்தாலும் ஐந்து தலைப்பில் அதற்கு இடமில்லை. "இலவசம்", "இன்றே அழையுங்கள்" இரண்டும் வெளிப்படையாக வேலை கேட்பது.

தமிழில் எழுதும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது "மூத்த வழக்கறிஞர்" என்ற சொல். நம் ஊரில் இருபது வருஷம் தொழில் பார்த்தவரை எல்லோரும் சீனியர் என்போம், பேச்சில் அது சரி. எழுத்தில் அப்படிப் போட்டால், வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ தரும் தகுதிநிலை என்றுதான் பொருள்படும். அந்தத் தகுதி இல்லாதவர் அந்தச் சொல்லைப் போட்டால், உண்மை என்று கொடுத்த உறுதிமொழியே பொய்யாகிவிடும்.

ஒவ்வொரு தலைப்பையும் எப்படி நிரப்புவது

ஐந்து தலைப்பில் திறமையையும் காட்ட முடியாது, அணுக எளியவர் என்பதையும் காட்ட முடியாது என்று முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. எழுதிப் பார்த்தபோது அப்படி இல்லை. திறமை மூன்று, நான்கு, ஐந்தாம் தலைப்புகளில் தானாக வந்து நிற்கும். எளிமை இரண்டாம் தலைப்பிலும், நீங்கள் எழுதும் தமிழிலும் இருக்கிறது.

பெயரில் தொடங்குங்கள். பதிவுச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே, முதலெழுத்தோடு. பட்டப்பெயர், அடைமொழி எதுவும் வேண்டாம்.

முகவரிக்கு நேரம் செலவழியுங்கள். வருகிறவர் தொண்டியிலிருந்தோ ஏர்வாடியிலிருந்தோ பஸ் ஏறி வருகிறார். கதவு எண்ணும் தெருவும் மட்டும் போட்டால் அவர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு பேரிடம் கேட்க வேண்டும். எந்த ஸ்டாப்பில் இறங்குவது, எந்த அடையாளத்துக்கு எதிரே, மாடியா கீழ்த்தளமா என்று எழுதுங்கள். கால் வலிக்கிற ஒரு பெரியவருக்கு "முதல் மாடி, லிப்ட் இல்லை" என்ற செய்தி ரொம்ப முக்கியம். இதெல்லாம் முகவரியின் பகுதிதான்.

போன் எண்ணிலும் அதே அக்கறை வேண்டும். பகலில் நாம் கோர்ட்டில் இருப்போம், போன் எடுக்க முடியாது. மூன்று தடவை அடித்தும் எடுக்காத வக்கீலை மக்கள் திமிர் பிடித்தவர் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் "மாலை 5 மணி முதல் 8 மணி வரை பேசலாம்" என்று எழுதினோம். அட்டவணையில் நேரம் என்று தனியாக இல்லை. எண்ணைப் பயன்படுத்தத் தேவையான விவரம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அதை மறைக்காமல் பார் கவுன்சிலுக்கு அனுப்பும் வரைவிலேயே காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.

பதிவு விவரத்தைப் பலர் சின்ன எழுத்தில் பக்கத்தின் அடியில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எத்தனை வருஷ அனுபவம் என்பதை ஒரு வார்த்தை பெருமை பேசாமல் சொல்லும் இடம் அது ஒன்றுதான். 2014இல் பதிந்தவர் என்று பார்த்தால் வருகிறவரே கணக்குப் போட்டுக்கொள்வார். சங்கத்தைப் பொறுத்தவரை உறுப்பினர் என்பது வரலாம். தலைவர், செயலாளர், முன்னாள் பொருளாளர் வரக்கூடாது. சங்கத் தேர்தலில் ஜெயித்தவர்களுக்கு இதை ஒத்துக்கொள்வது கஷ்டம்.

தகுதிகளில், வாங்கிய பட்டம் எல்லாவற்றையும் போடுங்கள், சட்டப் பட்டம் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் ஜூனியர் முதல் வரைவில் பி.எஃப்.எஸ்சி.யை விட்டிருந்தார், சட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்து. மீன்வளத் துறையோடு வழக்கு வைத்திருக்கும் ஒரு படகுக்காரருக்கு அந்த ஒரு வரி சொல்வதை எந்த "நிபுணர்" சொல்லும் சொல்லாது. கூடவே, பாதி முடித்த பட்டயப் படிப்பைத் தகுதியாகக் காட்டாதீர்கள்.

இந்த இடத்தில் ஜூனியர் ஒன்று கேட்டார். "மீனவர் குடும்பத்தில் பிறந்தவர்னு ஒரு வரி போடலாமா சார்?" அது உண்மை. அவரிடம் வருகிறவர்களுக்குத் தெம்பு தரும் உண்மையும்கூட. ஆனால் ஐந்து தலைப்பில் அது எதிலும் சேராது. எடுக்கச் சொன்னபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கவனித்தோம்: சனி, ஞாயிறுகளில் அவர் பாம்பனில் அப்பா வீட்டு முன்னறையில் கட்சிக்காரர்களைப் பார்க்கிறார். அது அவருடைய இன்னொரு அலுவலக முகவரி. அதை இரண்டாம் தலைப்பில் சேர்த்தோம். பாம்பன் முகவரியும் மீன்வளப் பட்டமும் சேர்ந்தால், விட்டுப்போன வரியை வாசிக்கிறவரே புரிந்துகொள்வார்.

பணிப் பிரிவுகள்: மக்கள் சொல்லும் பெயரில்

அதிகம் உழைக்க வேண்டியது ஐந்தாவது தலைப்பில். சிவில், கிரிமினல், வரி, தொழிலாளர் என்ற வகையில்தான் அட்டவணையே உதாரணம் தருகிறது. அதே அளவில் நிறுத்திக்கொண்டால் விதிப்படி மிகப் பத்திரம். ஆனால் "உரிமையியல்" என்று மட்டும் எழுதினால் தேவிபட்டினத்து வாசகருக்கு ஒன்றும் புரியாது. அவருக்கு இருப்பது பட்டாப் பிரச்சினை, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. ஆகவே பெரும்பிரிவை முதலில் எழுதி, அதன் கீழ் மக்கள் பேச்சில் உள்ள பெயரை வைத்தோம்.

எழுதும்போது நாங்கள் பிடித்துக்கொண்ட ஒரே கட்டுப்பாடு, இந்தத் தலைப்பில் வினைச்சொல் வரக்கூடாது என்பது. "பட்டா மாறுதல்" என்பது பிரிவு. "பட்டா மாற்றித் தருகிறோம்" என்பது வாக்குறுதி. வினை வந்தாலே அதன் பின்னால் வாக்குறுதி வந்துவிடுகிறது. அந்தத் தங்கச்சிமடத்து அக்காவை அலையவிட்டதும் "மீட்டுத் தருவோம்" என்ற ஒரு வினைதான்.

இன்னொன்று, கடந்த மூன்று வருஷத்தில் உண்மையிலேயே கட்டு திறந்து நடத்திய பிரிவுகளை மட்டும் போடுங்கள். பதினைந்து பிரிவு போட்டால் எதிலும் ஆழமில்லை என்றுதான் தெரியும். எங்கள் ஜூனியர் முதலில் எழுதியது பதினொன்று. டைரியை எடுத்துப் பார்த்து நான்காகக் குறைத்தோம். வருமான வரி போனது, நிறுவனச் சட்டம் போனது. கடல் அட்டை வழக்கு நின்றது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடல் அட்டை பிடிக்கத் தடை இருப்பதால் மன்னார் வளைகுடாவில் வனத்துறை போடும் வழக்குகள் இங்கே உண்டு, அவர் அவற்றில் ஆஜராகியிருக்கிறார்.

ஒரு சொல் தவிர கடைசியில் நின்ற வடிவம் இது, அந்தச் சொல்லைக் கீழே சொல்கிறேன். பெயரையும் எண்களையும் இங்கே விட்டிருக்கிறேன்:

> பெயர்: (சான்றிதழில் உள்ளபடி), வழக்கறிஞர்
>
> முகவரி: ராமநாதபுரம் அலுவலகம், தெரு, இறங்கும் நிறுத்தம், எதிரே உள்ள அடையாளம். முதல் மாடி, லிப்ட் இல்லை.
> பாம்பன் அலுவலகம்: சனி, ஞாயிறு.
> தொலைபேசி (மாலை 5 முதல் 8 வரை), மின்னஞ்சல்.
>
> பதிவு: பதிவு எண், 2014இல் பதிவு செய்த தேதி. முதலில் பதிந்ததும் இப்போது பதிவில் இருப்பதும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். உறுப்பினராக உள்ள வழக்கறிஞர் சங்கம்.
>
> தகுதிகள்: பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல்), தூத்துக்குடி, பி.எல்.
>
> பணிப் பிரிவுகள்:
> உரிமையியல்: பாகப்பிரிவினை, பட்டா, எல்லைத் தகராறு.
> குற்றவியல்: ஜாமீன், செக் மோசடி.
> மோட்டார் வாகன விபத்து இழப்பீடு.
> மீன்வளச் சட்டங்கள்: படகுப் பதிவு, தமிழ்நாடு கடல்சார் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (கடல் அட்டை).
>
> மேற்கண்ட விவரங்கள் உண்மையானவை என உறுதியளிக்கிறேன்.

எழுதி முடித்ததும் எங்கள் குமாஸ்தாவிடம் கொடுத்து சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "செக் மோசடி" என்ற இடத்தில் நிறுத்தி, "சார், செக் திரும்பினதுன்னு போடுங்க, மோசடின்னா செக் வாங்குனவன் கொடுத்தவன் ரெண்டு பேருமே வரத் தயங்குவான்" என்றார். அவர் சொன்னது சட்டப்படியும் சரி. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வருவது காசோலை பணமாகாமல் திரும்புவது. "செக் திரும்பிய வழக்கு" என்று மாற்றினோம்.

படம் வைக்கலாமா?

அட்டவணையில் படம் இல்லை. நாங்கள் வைக்கவில்லை. சிரித்த முகம் ஒன்று இருந்தால் பக்கம் நெருக்கமாக இருக்கும் என்பது தெரியும், ஆனாலும் அதற்காக ஒரு ஒழுங்கு நடவடிக்கையை எதிர்கொள்ள நான் தயாரில்லை. பார் கவுன்சிலில் கேட்டு, ஒப்புக்கொண்டால் வையுங்கள். அப்போதும் கவுனும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அணிந்த படம் வேண்டாம். கோர்ட்டுக்கு வெளியே பொது இடங்களில் அவற்றை அணியக்கூடாது என்று அதே நடத்தை விதிகளில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத விளம்பரம்

பக்கத்தைத் திருத்தியாயிற்று என்று இருந்தோம். ஒரு வாரம் கழித்து கூகுளில் எங்கள் பெயரைத் தேடியபோது "நம்பர் 1 மீனவர் வழக்கறிஞர்" என்றே வந்தது. பக்கத்தில் அந்த வரி இல்லை, பின்னாலிருந்த நிரலில் இருந்தது. கணினியில் பக்கத்தைத் திறந்து `Ctrl+U` அழுத்தினால் நிரல் தெரியும். மேல்பகுதியில் இப்படி இருந்தது:

```html
<title>ராமநாதபுரத்தின் நம்பர் 1 மீனவர் வழக்கறிஞர்</title>
<meta name="description" content="500+ வெற்றிகள். இன்றே அழையுங்கள்!">
```

இதை இப்படி மாற்றச் சொன்னோம்:

```html
<title>வழக்கறிஞர் அலுவலகம், ராமநாதபுரம்</title>
<meta name="description" content="வழக்கறிஞர்களின் பெயர், முகவரி, பதிவு விவரம், பணிப் பிரிவுகள்.">
```

அதே நிரலில் `aggregateRating` என்ற சொல்லையும் தேடிப் பாருங்கள். தேடல் முடிவில் நட்சத்திரம் காட்டுவதற்காகச் சேர்ப்பது அது, இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும் பழைய வரி சில நாள் தேடலில் நிற்கும். கூகுளில் `site:` என்று அடித்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போட்டால், உங்கள் தளத்தில் கூகுள் எடுத்து வைத்திருக்கும் பக்கங்கள் வரும். பழைய வரி போகும்வரை அவ்வப்போது பாருங்கள். தள நிறுவனம் உங்களைக் கேட்காமல் ஏதாவது வக்கீல் பட்டியல் தளத்தில் பெயரைச் சேர்த்திருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது.

தளத்துக்குள் நுழையும்போது "இது விளம்பரமல்ல என ஒப்புக்கொள்கிறேன்" என்று சொடுக்கச் சொல்லும் பெட்டி பல தளங்களில் இருக்கிறது. அதை வைத்துவிட்டால் உள்ளே எதையும் எழுதலாம் என்று ஒரு நம்பிக்கை. விதியில் அப்படி எந்த விலக்கும் இல்லை.

அனுப்புவதும் வெளியிடுவதும்

வெளியிடப்போகும் பக்கத்தை அப்படியே அச்செடுத்து, ஒவ்வொரு வக்கீலுக்கும் தனித்தனியாக, உறுதிமொழியில் கையெழுத்திட்டு இந்திய பார் கவுன்சிலுக்குப் விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். தேதி போட்ட ஒரு நகல் அலுவலகக் கோப்பில் இருக்கட்டும். நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால், என்ன வெளியிட்டீர்கள், எப்போது தெரிவித்தீர்கள் என்பதற்கு அதுதான் சான்று. தெரிவிப்பதோடு விதி நிற்கவில்லை, ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதனால் பதில் வரும்வரை தளத்தில் பெயர், முகவரி, எண் மட்டும் இருந்தால் போதும் என்பது என் கருத்து.

இங்கே இந்த வேலையை ஏப்ரலுக்கு முன்னால் தொடங்குவது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்ட வழக்கைத் தூக்கிக்கொண்டு வருவது அப்போதுதான்.

போன் எண் மாறினால் அன்றே மாற்றுங்கள். கூட இருந்த வக்கீல் பிரிந்து போனால் அவர் பக்கத்தை அந்த வாரமே இறக்குங்கள். புதிய பிரிவு ஒன்றைச் சேர்ப்பதாக இருந்தால் மறுபடியும் அச்செடுத்து, கையெழுத்திட்டு அனுப்புங்கள். எங்கள் ஜூனியர் இப்போது கடலோர ஒழுங்குமுறை மண்டல வழக்கு ஒன்றைப் பார்க்கிறார். அதைப் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று போன வாரம் கேட்டார். இன்னும் இரண்டு கட்டாவது முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.